கண்டக்டருக்கு ஒட்டிய நோட்டீஸ்

பேருந்து வேலையிலிருந்து ஓய்வு பெற்றபோது கண்டக்டர் தோல்பையையும் விசிலையும் டிப்போவில் ஒப்படைத்துவிட்டு வந்தார். குரலை மட்டும் வீட்டுக்குக் கொண்டுவந்துவிட்டார்.

குளியலறைக் கதவு திறந்தால், "இறங்குறவங்க இறங்கலாம், ஏறுறவங்க பொறுங்க" என்பார். சாப்பாட்டு மேசையில் இரண்டு பேர் நெருங்கி உட்கார்ந்தால், "உள்ள தள்ளிப் போங்க, எடம் காலியாத்தான் இருக்கு" என்பார். பக்கத்து வீட்டார் வாசலில் நின்று பேசினால்கூட, வழியை மறிக்காதீர்கள் என்று சன்னலிலிருந்து அறிவிப்பு வரும். முதல் சில வாரங்கள் எல்லோரும் சிரித்தார்கள். பிறகு அவர் மனைவிக்குத் தலைவலி வர ஆரம்பித்தது.

"இந்த மனுஷன் பகல் முழுக்க பஸ் ஓட்டிக்கிட்டே இருக்காரும்மா" என்று அந்த அம்மாள் மருமகளிடம் புலம்பினாள். "நான் ஒருத்திதான் பயணி. இவரை எங்கயாவது கூட்டிட்டுப் போயேன்."

மருமகள் ஒரு மின்விசிறித் தொழிற்சாலையின் கேன்டீனில் மேற்பார்வையாளர். சிறிய சமையலறை, அடுப்பைப் பார்க்க மாஸ்டர், நறுக்கவும் கழுவவும் பரிமாறவும் சில பேர். அதில் ஒரு உதவியாளர் திடீரென்று வேலையை விட்டுப் போயிருந்த நேரம். மாமியார் சொன்னதைக் கேட்டதும் மருமகள், "மாமா, கொஞ்ச நாளைக்கு எங்களுக்குக் கை கொடுக்கிறீங்களா?" என்று கேட்டாள். அவள் கேட்டு முடிப்பதற்குள் அவர் சட்டையை மாட்டிக்கொண்டிருந்தார்.

மறுநாளிலிருந்து காலையில் மருமகள் ஸ்கூட்டர் ஓட்ட, பின்னால் கண்டக்டர் உட்கார்ந்து வருவார். ஒவ்வொரு திருப்பத்திலும் "போலாம் ரைட்" உண்டு.

வேலையில் அவரைக் குறை சொல்ல முடியாது. மலைபோல் வெங்காயம் குவிந்திருந்தாலும் முகம் சுளிக்கமாட்டார். சோம்பல் கிடையாது, பொழுதுக்கும் ஏதாவது பேச்சு. அவர் வந்த பிறகு சமையலறையில் மணி போவதே தெரியவில்லை என்று பாத்திரம் கழுவும் சின்னக்கா சொன்னாள். சின்னக்காவுக்கு அவரைவிட நாலைந்து வயதுதான் குறைவு. ஆனால் மாஸ்டரிலிருந்து மேலாளர் வரை எல்லோருக்கும் அவள் சின்னக்காதான்.

கண்டக்டருக்கு அந்தச் சமையலறையில் ரொம்பப் பிடித்தது கையுறை. நீல நிறத்தில், விரலோடு விரலாக ஒட்டிக்கொள்ளும் மெல்லிய கையுறை. காலையில் வந்ததும் ஒரு சோடி எடுத்து மாட்டுவார்; இரண்டு கைகளையும் தூக்கிப் பார்த்துக்கொள்வார்.

"இத்தனை வருஷம் ஊர்ல இருக்கிறவன் கையெல்லாம் பட்ட காசைத் தொட்டுத் தொட்டு என் கை கறுத்துப் போச்சு. இப்பப் பாரு, டாக்டர் மாதிரி!"

மாட்டிய கையுறையைச் சாப்பாட்டு வேளைக்குத்தான் கழற்றுவார். அதே கையுறையோடு கோழியைத் துண்டு போடுவார், குப்பைத்தொட்டி மூடியைத் திறப்பார், கைபேசியை எடுத்து "சொல்லு" என்பார், மூக்கின் மேல் கண்ணாடியை ஏற்றிக்கொள்வார், பிறகு வெள்ளரிக்காயைக் கையில் எடுப்பார். கையுறை போட்டிருப்பதால் எல்லாம் சுத்தம் என்பது அவருடைய திடமான நம்பிக்கை.

அதையாவது எப்படியோ சொல்லித் திருத்தலாம். இன்னொன்றுதான் மருமகளுக்குப் பெரிய தொல்லையாக இருந்தது. பணிக்காலம் முழுக்க டிக்கெட்டைக் கிழித்த கை அது. எதைப் பிரிக்க வேண்டுமானாலும் கட்டைவிரல் தானாக நாக்குக்குப் போய்விடும். பொட்டலம் கட்டும் பிளாஸ்டிக் பை வாய் ஒட்டிக்கொண்டிருந்தால், நீலக் கையுறையோடு கட்டைவிரல் நாக்கில் ஒரு தொடு, பை திறந்துவிடும். கோழி நறுக்கிய கையோடு ஒரு நாள் அப்படிச் செய்ததை மருமகள் தன் கண்ணால் பார்த்தாள். பார்த்த இடத்திலேயே, "மாமா, கை கழுவிட்டு வேற கிளவுஸ் போட்டுக்குங்க, இந்தப் பையை நான் பாத்துக்கிறேன்" என்று ஏதோ பையில்தான் கோளாறு என்பதுபோலச் சமாளித்தாள். அந்தப் பையைக் குப்பையில் போட்டாள். கோழிக்கறி வேலையை அன்றோடு சின்னக்காவுக்கு மாற்றினாள். ஆனால் காரணத்தை மட்டும் சொல்ல வாய் வரவில்லை.

மாஸ்டர் தப்புச் செய்தால் சொல்லலாம். சின்னக்காவிடம் சொல்லலாம். மாமனாரிடம், "விரலை வாயில் வைக்காதீங்க" என்று எப்படிச் சொல்வது?

அன்று சாயங்காலம் கணவனைப் பிடித்தாள். அவன் லிஃப்ட் பழுது பார்ப்பவன். ஊர் ஊராகச் சுற்றிவிட்டு அப்போதுதான் வந்திருந்தான்.

"உங்க அப்பாகிட்ட நீங்க சொல்லுங்க."

"நானா? அந்த ஆளு முன்னாடி நான் இன்னும் சிகரெட் வாசனைகூட வராம நடந்துக்கிறேன். நான் போய் அவருக்கு சுத்தம் சொல்லித் தர்றதா?"

மாமியாரிடம் போனாள். மாமியார் கையை விரித்தாள். "கல்யாணமான நாள்லேர்ந்து சொல்றேன். ரேஷன் அட்டையைக்கூட எச்சில் தொட்டுத்தான் திருப்புவார். நான் சொல்லி அவர் கேட்டதா சரித்திரமே இல்ல."

ஆக, மருமகள் ஒரு வழி கண்டுபிடித்தாள். நோட்டீஸ். சுவரில் ஒட்டினால் எல்லோருக்கும் சொன்னதாகும். யார் மனமும் புண்படாது. படிக்க வேண்டியவர் படித்துக்கொள்வார்.

பெரிய தாளில் அவளே எழுதினாள். "கவனிக்கவும்" என்று தலைப்பு. பச்சை இறைச்சி, கோழி எல்லாம் சிவப்புப் பலகையில். மீன் நீலப் பலகையில். சமைத்த இறைச்சி மஞ்சள் பலகையில். மண்ணோடு வரும் கிழங்கும் காயும் பழுப்புப் பலகையில். கழுவிய சாலட் காயும் பழமும் பச்சைப் பலகையில். ரொட்டியும் பாலாடைக்கட்டியும் வெள்ளைப் பலகையில். அதற்குக் கீழே கையுறை: ஒரு வேலையிலிருந்து இன்னொரு வேலைக்குப் போகும்போது மாற்றவும். கைபேசி, முகம், தலைமுடி, குப்பைத்தொட்டி ஆகியவற்றைத் தொட்டால் மாற்றவும். கிழிந்தால் மாற்றவும். கையுறை அணியும் முன்பும் கழற்றிய பின்பும் சோப்புப் போட்டுக் கை கழுவவும். எல்லாவற்றுக்கும் கடைசியில், கொஞ்ச நேரம் பேனாவைக் கடித்தபடி யோசித்துவிட்டு, ஒரு வரி சேர்த்தாள்: "கையுறையுடன் விரலை வாயில் வைக்க வேண்டாம்."

ஈரம் படாமல் இருக்க மேலே பிளாஸ்டிக் உறை போட்டு, மறுநாள் காலையில் குளிர்பெட்டிக்குப் பக்கத்துச் சுவரில் ஒட்டினாள். ஒட்டும்போது மேல் முனையை எட்டிப் பிடித்துக்கொண்டது யார் என்றால், கண்டக்டர்தான்.

"இடது பக்கம் கொஞ்சம் ஏத்தும்மா. ரைட், ரைட்… ஹோல்டேன்!"

ஒட்டி முடித்ததும் இடுப்பில் கை வைத்து நின்று, முதல் வரியிலிருந்து கடைசி வரி வரை உரக்கப் படித்தார். மருமகள் அரிசி மூட்டையைச் சரிபார்ப்பதுபோலக் குனிந்துகொண்டாள். கடைசி வரியில் அவர் நின்றார்.

"விரலை வாயில் வைக்க வேண்டாமா? யாரு இது, விரலை வாயில வெக்கிறது? பச்சப்புள்ளைங்களா இங்க வேலை பாக்குது?" என்று சிரித்தார். பிறகு குரலைத் தாழ்த்தி மருமகளிடம் வந்தார். "மாஸ்டரைத்தானே சொல்ற? உப்பு பாக்கிறேன்னு விரலை விட்டு நக்குறதை நானும் கவனிச்சேன். நேரா சொல்லாம இப்படிப் பொதுவா எழுதிட்ட பாரு, அது நல்ல பண்பு. இனிமே நீ கவலைப்படாத. நான் பாத்துக்கிறேன்."

"இல்ல மாமா, அது வந்து…"

"நான் பாத்துக்கிறேன்னு சொல்றேன்ல?"

அவர் சொன்னபடியே பார்த்துக்கொண்டார். சமையலறைக்கு அன்றிலிருந்து ஒரு டிக்கெட் பரிசோதகர் வந்துவிட்டார். மாஸ்டர் தலையைச் சொறிந்தால், "மாஸ்டர், தலைமுடி! கிளவுஸ், ரெண்டாவது வரி!" என்று ஒரு சத்தம். சின்னக்கா கைபேசியைத் தொட்டால், "சின்னக்கா, கிளவுஸ் இறங்கட்டும், புதுசு ஏறட்டும்!" மாஸ்டர் ருசி பார்க்கக் கரண்டியைத் தேடும் முன்பே அவர் நீட்டிக்கொண்டிருப்பார். நீட்டுகிற கையில் காலையில் போட்ட அதே கையுறை.

"இவருக்கு யாராச்சும் சொல்லக்கூடாதா?" என்று மாஸ்டர் மருமகளிடம் முணுமுணுத்தார்.

"நோட்டீஸ் ஒட்டியிருக்கேனே மாஸ்டர்."

"அதைத்தான் மேடம் சொல்றேன். நோட்டீஸைத் தூக்கிக்கிட்டு நடக்கிறாரே!"

ஒட்டிய வாரத்திலேயே ஒரு கலவரம் நடந்தது. சின்னக்கா அன்றைக்குத்தான் முதல்முறையாகக் கோழியை நறுக்க உட்கார்ந்தாள். அதுவரை அவள் கை பட்டதெல்லாம் பாத்திரங்கள்தான். கண்ணாடியை வீட்டில் வைத்துவிட்டு வந்திருந்ததால் தொட்டிப் பக்கத்திலிருந்து குரல் கொடுத்தாள்.

"கண்டக்டர் சார், கோழிக்கு எந்தப் பலகைன்னு போட்டிருக்கு?"

கண்டக்டர் நோட்டீஸ் முன்னால் போய் நின்றார். ஊர்ப் பெயர் சொல்லுகிற அதே ராகத்தில் நீட்டி முழக்கினார். "பச்சை… இறைச்சி, கோழி…"

பச்சை என்ற சொல் காதில் விழுந்ததுமே சின்னக்கா பச்சைப் பலகையை உருவினாள். அவர் "…சிவப்புப் பலகை!" என்று நிலையத்தை அடைவதற்குள் கோழி பச்சைப் பலகையில் இறங்கிவிட்டது.

"ஐயோ, நிறுத்துங்க!"

"நீங்கதானே பச்சைன்னீங்க?"

"நான் சொன்ன பச்சை வேகாத பச்சை! நீங்க எடுத்தது நெறத்துப் பச்சை!"

"ஒரு பச்சைக்கு ரெண்டு அர்த்தம் வெச்சா நான் எந்தப் பச்சையைக் கண்டேன்?"

மாஸ்டர் அடுப்பை விட்டு வந்து வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். நல்ல வேளை, பச்சைப் பலகையில் அப்போது வேறு எதுவும் இல்லை. மருமகள் வந்து கோழியைச் சிவப்புப் பலகைக்கு மாற்றச் சொன்னாள். பச்சைப் பலகையையும் மேசையையும் சோப்பும் வெந்நீருமாகத் தேய்த்துக் கழுவி, கிருமிநாசினி தெளித்து, பாட்டிலில் எழுதியிருக்கிற நேரம் வரை விட்டு, பலகையைத் துணியால் துடைக்காமல் காற்றில் காய வைத்தார்கள். சின்னக்கா கையுறையைக் கழற்றிக் கை கழுவிப் புதிதாகப் போட்டுக்கொண்டாள்.

நோட்டீஸிலும் திருத்தம் வந்தது. "பச்சை இறைச்சி" என்பதை அடித்துவிட்டு "சமைக்காத இறைச்சி" என்று மருமகள் எழுதினாள். தன் ராகத்தால் வந்த வினை என்பதை மறந்துவிட்டு, நோட்டீஸில் இருந்த பிழையைக் கண்டுபிடித்ததே தான்தான் என்று கண்டக்டர் வீட்டில் போய்ப் பெருமையடித்துக்கொண்டார்.

அடுத்த வாரம் ஒரு நாள் சாலட்டுக்குப் பீட்ரூட் வந்தது. மண் ஒட்டிய பீட்ரூட், ஒரு கோணி. தோல் சீவி வெட்டிக்கொடுக்கும் பொறுப்பைக் கண்டக்டர் ஏற்றார். அலசி எடுத்து, சரியாகப் பழுப்புப் பலகையைப் போட்டு, சீவித் தள்ளினார். மாஸ்டர் அதை அள்ளிக்கொண்டு போய் வேகவைத்தார். பிறகு வெள்ளரிக்காய் வெட்ட வேண்டும். பழுப்புப் பலகையையும் கத்தியையும் தொட்டியில் போட்டார். பச்சைப் பலகையையும் வேறு கத்தியையும் எடுத்தார். "பழுப்பு இறங்கிடுச்சு, பச்சை ஏறுது!" என்று அறிவிப்பும் கொடுத்தார். கையை மேலங்கியில் ஒரு துடை. அவ்வளவுதான். நீலக் கையுறையின் மேல் பீட்ரூட் சாறு வெறும் ஈரம் மாதிரி கருமையாகத்தான் தெரிந்தது.

குளிர்பெட்டியைத் திறந்து வெள்ளரிக்காயை எடுத்தார். இடையில் கைபேசி அடித்தது. மனைவிதான், வாசல் சாவியை எங்கே வைத்தீர்கள் என்று கேட்டாள். பதில் சொல்லிவிட்டுச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார். சின்னக்கா ஏதோ சந்தேகம் கேட்க, நோட்டீஸில் வரிவரியாக விரல் வைத்துக் காட்டினார். ஒரு பையைப் பிரித்தார். வெள்ளரிக்காயை வட்டம் வட்டமாக வெட்டிப் பெரிய பாத்திரம் நிறைய நிரப்பினார்.

பரிமாறக் கொஞ்ச நேரமே இருந்தபோது மாஸ்டர் பாத்திரத்தைத் திறந்தவர், "மேடம், இங்க வாங்க" என்றார். வெளுப்பான வெள்ளரி வட்டங்களில் அங்கங்கே இளஞ்சிவப்பாக விரல் தடம்.

"பீட்ரூட் தொட்ட கையோட யாரோ வெள்ளரிக்காயைத் தொட்டிருக்காங்க" என்றார் மாஸ்டர். சொல்லும்போது யாரையும் பார்க்கவில்லை.

மருமகளுக்குச் சட்டென்று புரிந்துவிட்டது. அவள் வாயைத் திறப்பதற்குள் கண்டக்டர் நடுவில் வந்து நின்றார்.

"யாரும் இறங்கக் கூடாது! செக்கிங்!" என்றார். "நோட்டீஸ் ஒட்டி, படிச்சுப் படிச்சுச் சொல்லியும் ஒருத்தர் இப்படிப் பண்ணியிருக்காருன்னா, அவரை நான் இன்னிக்கு விடப்போறதில்ல."

"மாமா, விடுங்க, நான்…"

"நீ சும்மா இரும்மா. இதெல்லாம் எனக்கு அத்துப்படி. டிக்கெட் எடுக்காதவன் மூஞ்சியைப் பாத்தே கண்டுபிடிச்சவன் நான்."

தடத்தைப் பிடித்துக்கொண்டே போனார். முதலில் குளிர்பெட்டிக் கைப்பிடி, சிவப்பு. "ஆளு இங்க வந்திருக்கான்." அடுத்து பிளாஸ்டிக் பைகள், மேல் பையில் தெளிவாக ஒரு கட்டைவிரல். "இங்கயும் நின்னிருக்கான்." அடுத்து நோட்டீஸ். அங்கே போனதும் அவர் வாய் பிளந்தார். பிளாஸ்டிக் உறையின் மேல், வரிக்கு வரி, சிவப்புப் பொட்டு வைத்ததுபோல விரல் தடம்.

"என்ன திமிரு பாத்தீங்களா! நோட்டீஸைப் படிச்சுக்கிட்டே தப்பு பண்ணியிருக்கான். ஒவ்வொரு வரியாப் படிச்சிருக்கான்!"

மாஸ்டர் அடுப்புப் பக்கம் திரும்பிக்கொண்டார். அவர் தோள் குலுங்கியது. சின்னக்காதான் கண்டக்டரின் முகத்தை உற்றுப் பார்த்தாள். இன்று அவளிடம் கண்ணாடி இருந்தது.

"கண்டக்டர் சார்," என்றாள் மெதுவாக. "உங்க உதட்டுல என்னா அது? லிப்ஸ்டிக் மாதிரி?"

அவர் கீழுதட்டைத் தொட்டுப் பார்த்தார். அந்த நேரம் பார்த்துச் சட்டைப்பையில் கைபேசி மறுபடியும் அடித்தது. எடுத்தார். அதன் முதுகெல்லாம் சிவப்பு. சட்டைப்பை ஓரமும் சிவப்பு. கைபேசி அடித்துக்கொண்டே இருந்தது. கையுறை விரலை மேசையில் கிடந்த ஒரு வெள்ளைத் தாளில் அழுத்தினார். தாளில் அழகாக ஒரு சிவப்பு ரேகை விழுந்தது.

கண்டக்டர் மெல்லத் திரும்பி நோட்டீஸைப் பார்த்தார். கடைசி வரியின் மேலும் அவருடைய தடம் இருந்தது. அந்த வரியை இந்த முறை அவர் உரக்கப் படிக்கவில்லை.

மருமகள் அப்போது சிரிக்கவில்லை. வேலை இருந்தது. வெள்ளரிக்காய் முழுவதையும் கொட்டச் சொன்னாள். பச்சைப் பலகை, கத்தி, பாத்திரம், குளிர்பெட்டிக் கைப்பிடி எல்லாம் கழுவிக் கிருமிநாசினி பட்டாக வேண்டும். மேல் பைகள் குப்பைக்கு. சின்னக்கா புது வெள்ளரிக்காயைக் கழுவினாள். சாலட் தாமதமாக வந்ததில் தொழிலாளர்கள் கொஞ்சம் முனகினார்கள். பீட்ரூட் சிவப்பைப் பார்த்ததும் சமாதானமானார்கள்.

"பீட்ரூட்டா இருந்ததால தப்பிச்சோம்" என்று மட்டும் மாஸ்டர் சொன்னார், இப்போது சிரிப்பில்லாமல். "கோழியா இருந்திருந்தா தடமே தெரிஞ்சிருக்காது. எல்லாருக்கும் பரிமாறியிருப்போம்."

கண்டக்டர் கையுறையைக் கழற்றிப் போட்டுவிட்டு நெடுநேரம் கை கழுவினார். முகமும் கழுவினார். புதுச் சோடி போட்டுக்கொண்டு, சாயங்காலம் வரை சொன்ன வேலையைச் செய்தார். சமையலறையில் குழம்பு கொதிக்கிற சத்தம் அப்படித் தெளிவாகக் கேட்டது, அவர் வந்த பிறகு அன்றுதான் முதல் தடவை.

வீடு திரும்பும்போதும் ஸ்கூட்டரின் பின்னால் "போலாம் ரைட்" இல்லை. பாதி வழியில், ஒரு பழக்கடைத் திருப்பத்தில், பின்னாலிருந்து குரல் வந்தது.

"அந்த நோட்டீஸ் மாஸ்டருக்கு இல்ல, இல்லையா?"

அவள் வேகத்தைக் குறைத்தாள். "இல்ல மாமா."

"எனக்கா?"

"ஆமா மாமா."

"முழுசுமா?"

"பலகை எல்லாருக்கும். கிளவுஸும் எல்லாருக்கும்தான், உங்களுக்குக் கொஞ்சம் கூட. கடைசி வரி…"

"கடைசி வரி எனக்கே எனக்கு."

"மன்னிச்சிருங்க மாமா. எனக்கு எப்படிச் சொல்றதுன்னு தெரியல. நீங்க பெரியவங்க. உங்க பழக்கத்தை நான் போய்…"

அவருக்கு அவமானமாகத்தான் இருந்தது. சின்னக்கா முன்னால், மாஸ்டர் முன்னால், அத்தனை சத்தம் போட்டுத் தேடி, கடைசியில் தன் உதட்டிலேயே முடிந்ததே! எல்லோருக்கும் முன்பே தெரிந்திருக்கிறது. தனக்கு மட்டும் தெரியவில்லை. அதுதான் அதிகம் உறுத்தியது. கொஞ்ச தூரம் போனதும் அவருக்கே வேறொன்று தோன்றியது. தோன்றியதும் மூக்கால் ஒரு சிரிப்பு வந்தது.

"நானும் இதே வேலையைத்தான் பண்ணியிருக்கேன்ம்மா" என்றார். "படியில ஒரே ஒருத்தன் தொங்கிக்கிட்டு வருவான். அவனை நேரா பாத்து, தம்பி உள்ள வாப்பான்னு சொல்ல மாட்டேன். சண்டைக்கு வருவானோன்னு யோசனை. பொதுவா, படியில நிக்கிறவங்கல்லாம் உள்ள வாங்கன்னு கத்துவேன். உள்ள நல்லா நின்னுக்கிட்டு இருக்கிற பத்து பேரு இன்னும் உள்ள நகருவாங்க. அவன் மட்டும் ஆடிக்கிட்டு நிப்பான்."

"அப்ப என்ன பண்ணுவீங்க?"

"மறுபடியும் பொதுவா கத்துவேன்."

மருமகள் வாய்விட்டுச் சிரித்துவிட்டாள். சிரித்த பிறகு பயந்து கண்ணாடியில் பார்த்தாள். மாமாவும் சிரித்துக்கொண்டிருந்தார்.

"சரி, ஒரு ஏற்பாடு பண்ணிக்கலாம்" என்றார். "வீட்டுல நான் மாமா. அந்த சமையலறைக்குள்ள நீ மேடம். தப்புப் பண்ணா மூஞ்சிக்கு நேரா சொல்லிடணும். நோட்டீஸ் எல்லாம் வேணாம்."

"நோட்டீஸ் வேணும் மாமா. கண்ணுல பட்டுக்கிட்டே இருக்கணும்ல."

"நோட்டீஸும் இருக்கட்டும். ஆனா நீ வாயால சொல்லணும். எங்க, இப்பச் சொல்லு பாப்போம்."

"இப்பவா?"

"இப்பவேதான். நான் கோழியைத் தொட்டுட்டேன். பையை எடுக்கிறேன். விரல் போகுது வாய்க்கு. சொல்லு!"

"மாமா… கிளவுஸ் மாத்திக்கிறீங்களா?"

"இது வேண்டுகோள். நான் கேக்க மாட்டேன். விரல் போயிடுச்சு."

"மாமா, கிளவுஸை மாத்துங்க."

"பஸ் பின்னாடிக்கே கேக்கல!"

சிவப்பு விளக்கு எரிந்தது. ஸ்கூட்டர் நின்றது. பக்கத்தில் ஒரு பேருந்து, இரண்டு கார், நாலைந்து இருசக்கர வண்டி. மருமகள் மூச்சை இழுத்துக்கொண்டு, "மாமா! விரலை வாயிலேர்ந்து எடுங்க! கிளவுஸை மாத்துங்க!" என்று கத்தினாள்.

பேருந்து சன்னலில் ஏழெட்டுத் தலைகள் எட்டிப் பார்த்தன. பின்னால் உட்கார்ந்திருந்த பெரியவரின் இரண்டு கைகளும் சமத்தாகத் தொடைமேல் இருந்தன. அவர் பேருந்தைப் பார்த்துக் கையசைத்துவிட்டு, "நல்லாருக்கும்மா. இந்தக் குரல்தான் வேணும். போலாம் ரைட்!" என்றார்.

வீட்டில் நடந்ததைக் கேட்டு மாமியார் கண்ணில் தண்ணீர் வருமளவுக்குச் சிரித்தாள். பையைத் திறக்க எச்சில் எதற்கு, இரண்டு உள்ளங்கைக்கும் நடுவில் வாய்ப்பக்கத்தை வைத்துத் தேய்த்தால் தானே பிரியாதா என்று ஒரு பையைக் கொண்டுவந்து செய்து காட்டினாள். கண்டக்டர் தேய்த்தார், திறந்துகொண்டது. "இத்தனை வருஷமா இதை ஏன் சொல்லல?" என்று கேட்டார். "சொன்னேன்" என்றாள் அவள்.

நோட்டீஸை மருமகள் மறுபடி எழுதினாள். இந்த முறை இரண்டாகப் பிரித்தாள். பலகை விவரம் பலகைகள் நிற்கிற அலமாரிக்கு மேலே, ஒவ்வொரு வரிக்கும் பக்கத்தில் அந்தந்த நிறம் பூசி. கையுறை விவரம் கை கழுவும் தொட்டிக்கு மேலே. கையுறைப் பெட்டியும் அங்கேயே இடம் மாறியது. கழற்று, கழுவு, துடை, புதிது போடு என்று நாலே கட்டளை, தூரத்திலிருந்து படிக்கிற மாதிரிப் பெரிய எழுத்தில். சின்னக்கா கண்ணாடியில்லாமல் நின்று படித்துப் பார்த்து, சரி என்ற பிறகுதான் ஒட்டினார்கள்.

முதல் சில நாட்கள் விரல் வாய்க்குக் கிளம்பத்தான் செய்தது. "மாமா!" என்று ஒரு சத்தம் போனால் பாதி வழியிலேயே நின்றுவிடும். சொல்லிப் பழகிய மருமகளுக்கு வாயும் திறந்துகொண்டது. ஒரு நாள் மாஸ்டர் முகத்தைத் துடைத்த கையோடு ரொட்டியை எடுக்கப் போக, "மாஸ்டர், கிளவுஸ்!" என்று அவள் போட்ட அதட்டலில் மாஸ்டர் ரொட்டியைத் தொடாமலே கையைத் தூக்கிவிட்டார்.

"வீட்டுல மாமனாரையும் இப்படித்தான் விரட்டுறீங்களா மேடம்?"

"வீட்டுல இல்ல. இங்க மட்டும்."

போன உதவியாளர் திரும்பி வரவில்லை. கண்டக்டரின் வேலை நிலைத்தது. அவருடைய அறிவிப்புகளும் திரும்பி வந்தன. ஆனால் இப்போது முதல் அறிவிப்பு தனக்குத்தான். "பீட்ரூட் முடிஞ்சுது, நான் இறங்குறேன்" என்று சொல்லிக்கொண்டே தொட்டிக்குப் போவார். ஒரே ஒரு தொந்தரவு, அவர் எதையும் பாதியளவில் செய்கிறவர் இல்லை. கையுறைப் பெட்டி வழக்கத்தைவிடச் சீக்கிரம் காலியாகிறதே என்று மருமகள் ஒரு நாள் நின்று கவனித்தாள். வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தவர் ஒவ்வொரு கூடை முடிந்ததும் எழுந்துபோய்க் கை கழுவிப் புதுச் சோடி மாட்டிக்கொண்டு வந்தார்.

"மாமா, வெங்காயத்துக்கும் வெங்காயத்துக்கும் நடுவுல எதுக்கு மாத்துறீங்க? கிழியல, வேற எதையும் தொடல. ஒரே வேலைதானே? அப்படியே முடிங்க" என்றாள் நேராக, தயக்கமே இல்லாமல்.

"எழுதியிருக்கா?"

"நான் சொல்றேன்ல மாமா?"

"சரி மேடம்" என்று கண்டக்டர் அடுத்த வெங்காயத்தை எடுத்தார்.